கூட்டலில் விட்டுப்போன 9,60,232 பேர்

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை 28,56,300. 2011இல் அதே பெயருக்கு எதிரே இருக்கும் எண் 15,06,843. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், பத்தே ஆண்டில் பாதி மாவட்டம் காலியாகிவிட்டது என்றுதான் நினைப்பார். உண்மையில் யாரும் எங்கும் போய்விடவில்லை. 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதன் 2011 மக்கள்தொகையான 18,79,809ஐச் சேர்த்தால், பழைய தருமபுரி எல்லைக்குள் 33,86,652 பேர். அதாவது பத்தாண்டுகளில் 5,30,352 பேர் கூடியிருக்கிறார்கள்.

மாவட்டங்கள் பிரியப் பிரிய, பழையதோடு புதியதை ஒப்பிட நினைக்கும் ஒவ்வொருவருக்கும் இப்படிக் கூட்டிப் பார்க்கும் வேலை வந்து சேர்கிறது. தருமபுரியே 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம். நாமக்கல் 1997இல் பிரிந்தது. ஆகவே 1965க்கு முந்தைய பெரிய சேலம் மாவட்டத்தின் நிலப்பரப்பில் 2011இல் எத்தனை பேர் வாழ்ந்தார்கள் என்று கேட்டால், நான்கு மாவட்டங்களின் எண்களை எடுக்க வேண்டும். கணக்கெடுப்பு அறிக்கையிலிருந்து அந்த எண்களை நகலெடுத்து எக்செலில் ஒட்டினால் இப்படி இருக்கும்:

| மாவட்டம் | ஆண்கள் | பெண்கள் | மொத்தம் |
|---|---|---|---|
| தருமபுரி | 774303 | 732540 | 1506843 |
| கிருஷ்ணகிரி | 960232 | 919577 | 1879809 |
| சேலம் | 1781571 | 1700485 | 3482056 |
| நாமக்கல் | 869280 | 857321 | 1726601 |

தலைப்பு முதல் வரிசையில், எண்கள் இரண்டாவது வரிசை முதல் ஐந்தாவது வரிசை வரை. ஆண்களுக்குக் கீழே `=SUM(B2:B5)` என்று போட்டால் 43,85,386 வர வேண்டும். இந்த அட்டவணையில் கிருஷ்ணகிரியின் ஆண்கள் எண் மட்டும், ஒட்டும்போது கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தையும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது விடை 34,25,154. எச்சரிக்கை வராது, சிவப்பு நிறம் வராது, பிழைக்குறி எதுவும் வராது. 9,60,232 பேர் கணக்கிலிருந்து விட்டுப்போயிருப்பார்கள். திரையில் அவர்களுடைய எண்ணோ கட்டத்துக்குள் பத்திரமாக இருப்பதாகவே தெரியும்.

ஏன் இப்படி நடக்கிறது? நாம் பார்க்கும் 960232 கணினிக்குள் இரண்டு வெவ்வேறு வடிவங்களில் இருக்க முடியும். ஒன்று, மதிப்பு: 64 பிட்டுகளில் சேமித்த ஒரே எண். மற்றது, எழுத்துகளின் தொடர்: 57, 54, 48, 50, 51, 50 என்று ஆறு குறியீடுகள். இதில் 57 என்பது '9' என்ற வடிவத்தின் குறியீடு, 48 என்பது '0' வடிவத்தின் குறியீடு. இந்த இரண்டாவது வகையில் ஒன்பது லட்சம் என்ற அளவு எங்குமே இல்லை, ஆறு உருவங்கள் வரிசையாக நிற்கின்றன, அவ்வளவுதான். பேருந்தின் நெற்றியில் எழுதியிருக்கும் தட எண்ணைப் போல. அதுவும் இலக்கம்தான், ஆனால் இரண்டு பேருந்துகளின் தட எண்களை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

SUM என்ற செயற்கூறு, தான் கூட்டும் கட்டங்களில் எழுத்து இருந்தால் அதைத் தாண்டிப் போகும்படியே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. நெடுவரிசையில் ஒரு தலைப்போ குறிப்போ இடையில் வந்தால் கூட்டல் நின்றுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எண்ணாக இருக்க வேண்டிய ஒன்று எழுத்தாக வந்துவிட்டால், அதையும் தலைப்பாகவே எண்ணித் தாண்டிவிடும். இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. கடைசியில் ஒட்டிய எழுத்து ஏதும் இல்லாமல், வெறும் இலக்கங்கள் மட்டும் எழுத்து வடிவில் இருந்தால், `=B2+B3` என்று கூட்டல் குறி போட்டுக் கூட்டும்போது எக்செல் அதை எண்ணாக மாற்றிக்கொண்டு சரியான விடையைத் தரும். அதே இரண்டு கட்டங்களை `=SUM(B2:B3)` என்று கொடுத்தால் ஒன்றைத் தாண்டிவிடும். ஒரே தாளில் இரண்டு பேர் இரண்டு விதமாகக் கூட்டி இரண்டு விடைகளோடு வாதாடுவதற்கு இதுவே காரணம்.

ஒட்டிக்கொண்டு வரும் அந்த எழுத்து எது? பெரும்பாலும் 160 என்ற குறியீடு கொண்ட இடைவெளி. விசைப்பலகையின் நீண்ட பொத்தானை அழுத்தினால் விழும் சாதாரண இடைவெளியின் குறியீடு 32. இணையப் பக்கம் வடிவமைப்பவர்கள், இரண்டு சொற்கள் வரி முடிவில் பிரிந்துவிடாமல் இருக்கவும் கட்டத்துக்குள் சற்று இடம் விடவும் வேறொரு இடைவெளியைப் பயன்படுத்துகிறார்கள். அதுதான் 160. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. எக்செலுக்கு இரண்டும் வேறு. எண்ணின் ஓரத்தில் 32 ஒட்டியிருந்தால் எக்செல் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டு எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். 160 ஒட்டியிருந்தால் முழுக் கட்டமும் எழுத்தாகிவிடும். கூட்டல் குறியால் கூட்டினாலும் `#VALUE!` என்ற பிழைதான் வரும்.

எழுத்தாகிப்போன எண்ணைக் கண்டுபிடிக்க முதல் அடையாளம் அது நிற்கும் பக்கம். எண்கள் கட்டத்தின் வலது ஓரத்தில் நிற்கும், எழுத்து இடது ஓரத்தில் நிற்கும். யாராவது முழு அட்டவணையையும் நடுவில் நிறுத்தி அழகுபடுத்தியிருந்தால் இந்த அடையாளம் அழிந்துபோகும். அதனால், ஒட்டிய அட்டவணையைச் சரிபார்த்து முடிக்கும்வரை யாரும் அதை நடுவில் நிறுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கட்டத்தின் மேல் மூலையில் தோன்றும் பச்சை முக்கோணம் இரண்டாவது அடையாளம். அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். தூய இலக்கங்கள் எழுத்தாக இருக்கும்போதுதான் அது வரும். 160 ஒட்டிய கட்டத்தை எக்செல் எண் என்றே சந்தேகிப்பதில்லை, ஆகவே முக்கோணமும் பெரும்பாலும் வராது.

நம்பத்தக்க சோதனை எண்ணிக்கைதான். COUNT எண்களை மட்டும் எண்ணும், COUNTA காலியல்லாத எல்லாக் கட்டங்களையும் எண்ணும்:

```
=COUNT(B2:B5)
=COUNTA(B2:B5)
```

நம் அட்டவணையில் முதலாவது 3 என்றும் இரண்டாவது 4 என்றும் வரும். வித்தியாசம் ஒன்று, ஆகவே எழுத்தாகிப்போன கட்டமும் ஒன்று. அது எது என்று அறிய, பக்கத்தில் ஒரு நெடுவரிசையில் `=ISNUMBER(B2)` என்று போட்டுக் கீழே இழுத்தால், FALSE என்று வரும் வரிசை கிருஷ்ணகிரியுடையது. அங்கே `=LEN(B3)` கேட்டால் 7 என்று பதில் வரும். கண்ணுக்குத் தெரிவதோ ஆறு இலக்கம். அந்த ஏழாவது என்ன என்று `=UNICODE(RIGHT(B3,1))` கேட்டால் 160 என்று வரும். குற்றவாளி யார் என்று தெரிந்த பிறகு வைத்தியம் எளிது.

கட்டத்தின் வடிவத்தை 'டெக்ஸ்ட்' என்பதிலிருந்து 'நம்பர்' என்று மாற்றினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது. வடிவம் என்பது காட்டும் விதம் மட்டுமே. உள்ளே ஏற்கெனவே எழுத்துத் தொடராகச் சேமித்தது அப்படியே இருக்கும், அந்தக் கட்டத்தை மறுபடி உள்ளிடும்வரை மாறாது.

இனி பெயர்களின் நெடுவரிசை. எண்ணைச் சாதாரண இடைவெளி பெரும்பாலும் கெடுப்பதில்லை என்றேன், பெயரை அது கெடுத்துவிடும். ஊராட்சிவாரியாக நூற்றுக்கணக்கான வரிசைகள் கொண்ட பட்டியலில், மாவட்டப் பெயரை வைத்து SUMIF போட்டுக் கூட்டுகிறோம் என்று கொள்ளுங்கள். 'தருமபுரி' என்ற சொல்லுக்கு LEN 8 என்று தரும். உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால் எட்டு. கடைசியில் ஓர் இடைவெளி இருந்தால் 9. அந்த வரிசை 'தருமபுரி'யோடு சேராது, அதன் எண்ணும் கூட்டலில் வராது. பைவட் அட்டவணை போட்டால் தருமபுரி இரண்டு முறை தனித்தனியாக நிற்கும். 'தர்மபுரி' என்று எழுதிய வரிசை இருந்தால் மூன்றாவதாக ஒன்றும் முளைக்கும். ஓர இடைவெளிகளையும் இடையில் இரட்டையாக விழுந்த இடைவெளிகளையும் TRIM நீக்கும். ஆனால் அதற்கு 32 மட்டுமே தெரியும், 160ஐத் தொடாது. ஆகவே முதலில் 160ஐச் சாதாரண இடைவெளியாக மாற்றி, பிறகு TRIM செய்ய வேண்டும்:

```
=TRIM(SUBSTITUTE(A2,UNICHAR(160)," "))
```

தமிழ்ப் பெயர்களில் இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. 'பாலக்கோடு' என்பதில் உள்ள 'கோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. LEN மட்டும் முதலாவதற்கு 9 என்றும் இரண்டாவதற்கு 10 என்றும் சொல்லும். வெவ்வேறு இடங்களில் தட்டச்சு செய்த பட்டியல்களை இணைக்கும்போது ஒரு பெயர் பொருந்த மறுத்தால், இடைவெளியைத் தேடியபின் இதையும் பாருங்கள்.

காலி வரிசைகள் வேறு வகைத் தொல்லை. பிடிஎஃப் கோப்பிலிருந்து எடுத்து ஒட்டினால், பக்கம் முடியும் இடங்களில் அவை வந்துவிடும். எக்செல் ஓர் அட்டவணையின் எல்லையைத் தானே ஊகிக்கும்போது முதல் காலி வரிசையோடு நின்றுவிடும். நம் அட்டவணையில் கிருஷ்ணகிரிக்கும் சேலத்துக்கும் நடுவே ஒரு காலி வரிசை இருக்கிறது என்று கொள்வோம். மொத்தம் என்ற நெடுவரிசையின் கீழே நின்று தானியங்கிக் கூட்டலுக்கான `Alt` + `=` அழுத்தினால், அது மேலே பார்த்துச் சேலத்தையும் நாமக்கல்லையும் மட்டும் எடுத்துக்கொண்டு 52,08,657 என்று சொல்லும். விட்டுப்போனது 33,86,652. பழைய தருமபுரி மாவட்டம் முழுவதும்! எண்களைச் சிறியது பெரியதாக வரிசைப்படுத்தினாலும் இதே கதைதான், மேற்பகுதி ஒரு பக்கம், கீழ்ப்பகுதி ஒரு பக்கம்.

காலி வரிசைகளை நீக்க இணையத்தில் அதிகம் சொல்லப்படும் வழி, முழு அட்டவணையையும் தேர்ந்தெடுத்து, 'கோ டு ஸ்பெஷல்' வழியாகக் காலிக் கட்டங்களைப் பிடித்து, அந்த வரிசைகளை அழிப்பது. அந்த வழியை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். ஒரு வரிசையில் பெண்கள் எண் மட்டும் விடுபட்டிருந்தாலும், அந்த ஒரு காலிக் கட்டத்துக்காக முழு வரிசையும் பெயரோடு அழிந்துவிடும். அதற்குப் பதிலாக, பக்கத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்து, வரிசையில் இருக்கும் எல்லாவற்றின் நீளத்தையும் அளந்து பாருங்கள்:

```
=LEN(TRIM(SUBSTITUTE(A2&B2&C2&D2,UNICHAR(160),"")))
```

இது 0 என்று வரும் வரிசைகள் மட்டுமே உண்மையில் காலி. காலி போலத் தெரிந்து உள்ளே இடைவெளிகளை மட்டும் வைத்திருக்கும் வரிசைகளும் இதில் 0 ஆகிவிடும். ஃபில்டர் போட்டு 0 உள்ள வரிசைகளை மட்டும் காட்டச் செய்து அழிக்கலாம். அழிப்பதற்கு முன், நெடுவரிசை ஒன்றில் 1, 2, 3 என்று வரிசை எண்ணை மதிப்பாகப் போட்டு வைத்தால், பிறகு எந்த வரிசை போனது என்று பார்க்க முடியும். பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வரும் தலைப்பு வரிசைகளையும், மூலத்திலேயே இருக்கும் 'மொத்தம்' வரிசைகளையும் இதே நேரத்தில் எடுத்துவிடுங்கள். மொத்தம் உள்ளேயே இருந்தால் எல்லாம் இரண்டு முறை கூடிவிடும்.

இப்போது எண்களைத் திருத்தலாம். ஒட்டிய தாளைத் தொடாமல் அப்படியே வைத்துவிட்டு, அதன் நகலில் பக்கத்து நெடுவரிசையில் இந்தச் சூத்திரத்தைப் போடுங்கள்:

```
=VALUE(TRIM(SUBSTITUTE(SUBSTITUTE(B2,UNICHAR(160),""),",","")))
```

உள்ளிருந்து வெளியே படித்தால், முதலில் 160 நீங்குகிறது, பிறகு காற்புள்ளிகள் நீங்குகின்றன, அடுத்து ஓர இடைவெளிகள், கடைசியில் VALUE அந்த இலக்கத் தொடரை எண்ணாக்குகிறது. காற்புள்ளிகளை எடுத்துவிடுவது நமக்குக் கூடுதல் பாதுகாப்பு. 15,06,843 என்று லட்சக் கணக்கில் பிரித்தாலும் 1,506,843 என்று மில்லியன் கணக்கில் பிரித்தாலும், காற்புள்ளி போனபின் இரண்டும் ஒன்றே. கீழே வரை இழுத்து, வந்த விடைகளை நகலெடுத்து, 'மதிப்பு மட்டும்' ஒட்டும் வழியில் பழைய எண்களின் இடத்தில் ஒட்டினால் முடிந்தது.

சில கட்டங்களில் `#VALUE!` வரும். பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில எழுத்து O விழுந்திருக்கலாம், எண் இல்லாத இடத்தில் ஒரு சிறு கோடு இருக்கலாம், அடிக்குறிப்புக்கான நட்சத்திரம் ஒட்டியிருக்கலாம், அல்லது கட்டமே காலியாக இருக்கலாம். இந்தப் பிழைகளை மறைக்க சூத்திரத்தை IFERROR-க்குள் போட்டு 0 வரச் செய்யும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விவரம் கிடைக்கவில்லை என்பதும் ஒருவர்கூட இல்லை என்பதும் ஒன்றல்ல. SUM சத்தமில்லாமல் தாண்டிப்போன அதே கட்டத்தை VALUE பிழையாகக் காட்டிக்கொடுக்கிறது. ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டுக் கையால் திருத்துவதே நேர்மையான வழி.

எல்லா இலக்கங்களையும் எண்ணாக்கவும் கூடாது. அஞ்சல் குறியீடு, கைபேசி எண், வங்கிக் கணக்கு எண், குடும்ப அட்டை எண் ஆகியவற்றை யாரும் கூட்டப் போவதில்லை. அவை எழுத்தாக இருப்பதே சரி. எண்ணாக்கினால் முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் உதிர்ந்துவிடும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களுக்கு மேல் காப்பாற்றாது என்பதால், 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். பணம் வேறு கணக்குக்குப் போகவோ திரும்பி வரவோ அதுவே போதும். ஒருமுறை அப்படிச் சேமித்துவிட்டால், பழைய இலக்கத்தை அந்தக் கோப்பிலிருந்து மீட்க வழியில்லை.

சுத்தம் செய்தது சரிதானா என்று அறிய, அட்டவணைக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறது. ஆண்கள், பெண்கள் இரண்டின் மொத்தம், கடைசி நெடுவரிசையின் மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். சுத்தம் செய்யாத அட்டவணையில் பெண்கள் 42,09,923, ஆண்கள் 34,25,154, இரண்டும் சேர்ந்து 76,35,077. கடைசி நெடுவரிசையோ 85,95,309. வித்தியாசம் 9,60,232. அந்த எண்ணையே அட்டவணையில் தேடுங்கள்: கிருஷ்ணகிரியின் ஆண்கள். ஒரே ஒரு கட்டம் விட்டுப்போயிருந்தால், வித்தியாசம் அந்தக் கட்டத்தின் எண்ணாகவே வந்து நிற்கும். சுத்தம் செய்தபின் 43,85,386ம் 42,09,923ம் சேர்ந்து 85,95,309 ஆகி ஒத்துப்போகிறது.

இந்தச் சாட்சிக்கும் ஓர் எல்லை உண்டு. கிருஷ்ணகிரியின் மூன்று எண்களும் ஒன்றாக எழுத்தாகிப்போனால், மூன்று நெடுவரிசைகளிலும் அந்த மாவட்டம் விட்டுப்போகும், மொத்தம் 67,15,500 ஆகும், ஆண்களும் பெண்களும் சேர்ந்து அதற்குச் சரியாகவே ஒத்துப்போகும். அதைக் கண்டுபிடிக்க எண்ணிக்கை ஒன்றே வழி: நான்கு மாவட்டங்கள் இருக்க வேண்டிய இடத்தில் COUNT 3 என்று சொல்லும். ஆகவே இரண்டு சோதனைகளும் வேண்டும்.

2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தில் ஐந்து வட்டங்கள் இருந்தன. பிறகு நல்லம்பள்ளியும் காரிமங்கலமும் சேர்ந்து இப்போது ஏழு. தமிழ்நாட்டின் மாவட்டங்களும் 32இலிருந்து 38 ஆகிவிட்டன. 2027 கணக்கெடுப்பின் எண்கள் வெளிவரும்போது, பழைய எல்லைக்கும் புதிய எல்லைக்கும் நடுவே ஆசிரியர்களும் செய்தியாளர்களும் ஊராட்சி அலுவலர்களும் மாணவர்களும் இந்தக் கூட்டலைச் செய்யப் போகிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: நீங்கள் தரும் ஒவ்வொரு மொத்தத்துக்கும் பக்கத்தில், அது எத்தனை வரிசைகளைக் கூட்டி வந்தது என்ற எண்ணையும் எழுதுங்கள். ஒட்டிய தாளை, திருத்தாத நிலையிலேயே, அதே கோப்பில் முதல் தாளாக வைத்திருங்கள்.